வாரண்டி எத்தனை வருஷம்? அதுக்குள்ள இருக்கிற கணக்கு

கடையில ரெண்டு மிக்ஸி பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ரெண்டும் 750 வாட். நிறம், ஜார், பட்டன் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா ஒண்ணோட மோட்டார்ல நல்ல செம்புக் கம்பி சுத்தியிருக்கு. இன்னொண்ணுல தரம் குறைந்த கம்பி. எது எதுன்னு செய்தவருக்குத் தெரியும். வாங்கப் போற நமக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சு, தீபாவளிக்கு மாவு அரைக்கும்போது புகை வந்தால்தான் தெரியும்!

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத இந்த நிலையால் சந்தை என்ன ஆகும் என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய ஒரு கட்டுரையில் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்டது பழைய கார் சந்தை. நாம மிக்ஸியிலேயே பார்ப்போம். கீழே வரும் எண்கள் புரிந்துகொள்வதற்காக நாமே வைத்துக்கொண்டவை.

தரமானவர் ஏன் தோற்கிறார்?

ரெண்டு தயாரிப்பாளர்கள். நல்லவருக்கு ஒரு மிக்ஸி செய்ய 2,000 ரூபாய் ஆகுது. மட்டமாகச் செய்பவருக்கு 1,500. தரம் வெளிப்படையாத் தெரிஞ்சா, வாங்குபவர்கள் நல்ல மிக்ஸிக்கு 4,000 வரை கொடுப்பாங்க, மட்டமானதுக்கு 2,000 வரை.

தெரியாதபோது? பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு நினைக்கிறவர் சராசரியா 3,000தான் கொடுப்பார். இப்ப லாபத்தைப் பாருங்க. நல்லவருக்கு 1,000. மட்டமானவருக்கு 1,500. தரத்துக்காக 500 ரூபாய் அதிகம் செலவழித்தவருக்குத்தான் லாபம் குறைவு. அடுத்த வருஷம் அவரும் கம்பியை மாத்திடலாமான்னு யோசிப்பார். மாத்திட்டா சந்தையில் மட்டமான சரக்கு மட்டும்தான் மிஞ்சும்.

"எங்க மிக்ஸிதான் உழைக்கும்"னு விளம்பரத்துல சொல்லலாமே? சொல்லலாம். ஆனா அதே வார்த்தையை மட்டமானவரும் அதே செலவில் சொல்ல முடியும். அதனால கேட்பவருக்கு அதிலிருந்து ஒரு தகவலும் கிடைக்காது. 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் வேலைச் சந்தையை வைத்துச் சொன்ன கருத்து இங்கேதான் உதவுது: தரமானவருக்குக் குறைந்த செலவும், தரமில்லாதவர் காப்பியடித்தால் அதிக செலவும் ஆகிற ஒரு செயல் இருந்தால், அதுவே ஒரு சிக்னல். வாரண்டி அப்படிப்பட்ட ஒரு செயல்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நல்ல மிக்ஸி ஒரு வருஷத்தில் பழுதாக 5% வாய்ப்பு. மட்டமானதுக்கு 30%. ஒவ்வொரு பழுதையும் இலவசமாகச் சரிசெய்து கொடுக்க, மோட்டார், கூலி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து கம்பெனிக்கு 1,400 ரூபாய் ஆகுதுன்னு வைப்போம். அப்போ ஒரு வருஷ வாரண்டிக்குச் சராசரிச் செலவு:

நல்லவர்: 0.05 × 1,400 = 70 ரூபாய்
மட்டமானவர்: 0.30 × 1,400 = 420 ரூபாய்

பேப்பர்ல எழுதுற வாக்குறுதி ஒண்ணேதான். செலவு மட்டும் ஆறு மடங்கு வித்தியாசம். முழு விஷயமும் இந்த வித்தியாசத்துலதான் இருக்கு.

முதல்ல நல்லவர் 2 வருஷ வாரண்டி கொடுக்கிறார். அதைப் பார்த்து மக்கள் நம்பி 4,000 கொடுக்கிறாங்க. மட்டமானவர் இதைக் காப்பியடிச்சா அவருக்கு 4,000 − 1,500 − 840 = 1,660 ரூபாய் லாபம். காப்பியடிக்காம, "என்னுது மட்டம்தான்"னு 2,000க்கு வித்தா லாபம் 500. அவர் எதைச் செய்வார்? சந்தேகமே இல்லை, காப்பியடிப்பார். ரெண்டு பேரும் 2 வருஷம் எழுதிட்டா, அந்த 2 வருஷத்தைப் பார்த்து நாம ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது.

இப்ப நல்லவர் 5 வருஷம் கொடுக்கிறார். மட்டமானவர் காப்பியடிச்சா 4,000 − 1,500 − 2,100 = 400. காப்பியடிக்காம இருந்தா 500. இந்தத் தடவை விலகிப்போவதுதான் அவருக்கு லாபம். நல்லவருக்கோ 4,000 − 2,000 − 350 = 1,650. முன்னாடி கிடைத்த 1,000ஐ விட அதிகம்.

5 வருஷம் என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. ஏமாற்ற நினைப்பவருக்கு நஷ்டம் ஆரம்பிக்கிற இடம் எதுவோ, அதைத் தாண்டணும், அவ்வளவுதான். நம்ம கணக்குல அந்த இடம் 2,000 ÷ 420, அதாவது ஏறத்தாழ 4.8 வருஷம். இதுக்குக் குறைவான வாரண்டி ஒரு சலுகை; இதைத் தாண்டினால்தான் சிக்னல்.

நிஜத்தில் நடந்தது: ஹூண்டாய், 1998

ஹூண்டாய் 1986இல் எக்ஸெல் என்ற காரோடு அமெரிக்காவுக்குள் நுழைந்தது. ஆரம்ப விலை 4,995 டாலர். விலை குறைவு என்பதால் நிறைய விற்றது. அடுத்தடுத்து பழுதுகள் வந்தன. பெயர் கெட்டு, டிவி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் கிண்டல் பண்ணும் அளவுக்குப் போனது. பின்னர் வந்த கார்கள் மேம்பட்டிருந்தாலும், வாங்குபவருக்கு அதைக் காட்ட வழியில்லை.

1998இல் அந்த நிறுவனம் எஞ்சினுக்கும் கியர் அமைப்புக்கும் 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வாரண்டி அறிவித்தது. கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 1,60,000. போட்டியாளர்கள் பலர் அப்போது முழு வண்டிக்கு 3 ஆண்டு அல்லது 36,000 மைல்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹூண்டாயின் அமெரிக்க விற்பனை அடுத்த சில ஆண்டுகளில் வேகமாக ஏறியது. 2004இல் ஜே.டி. பவர் நிறுவனம் வெளியிட்ட புதுக் கார்களின் ஆரம்பத் தரப் பட்டியலில், நிறுவன அளவில், டொயோட்டாவுக்கு அடுத்த இடத்தை ஹோண்டாவோடு பகிர்ந்துகொண்டது.

இதில் கவனிக்க ரெண்டு விஷயம் இருக்கு. முதலாவது, வாரண்டி வெளியே மட்டும் பேசவில்லை. உள்ளேயும் வேலை செய்தது. 10 ஆண்டு வாக்குக் கொடுத்த பிறகு ஒவ்வொரு எஞ்சின் பழுதும் கம்பெனியின் செலவு. தரத்தைக் கூட்டினால் அந்தச் செலவு நேரடியாகக் குறையும்.

ரெண்டாவது, நிபந்தனைகள். 10 ஆண்டு முதல் உரிமையாளருக்கு மட்டும். வண்டியை வித்துட்டா அடுத்தவருக்கு 5 ஆண்டு அல்லது 60,000 மைல் வரைதான். பலர் 10 ஆண்டுக்குள் வண்டியை மாத்திடுவாங்க என்பதால், கம்பெனிக்கு வரும் உண்மையான செலவு விளம்பரத்தில் தெரிவதை விடக் குறைவு. 10 ஆண்டு எஞ்சினுக்கும் கியருக்கும் மட்டும் என்பதுக்கும் காரணம் உண்டு. பிரேக் கட்டை, டயர் மாதிரியானவை எவ்வளவு நாள் வரும் என்பது ஓட்டுபவரைப் பொறுத்தது. அதுக்கும் 10 ஆண்டு கொடுத்தால், "நம்ம காசா போகுது"ன்னு முரட்டுத்தனமா ஓட்டுறவங்களோட செலவு நல்ல கம்பெனி தலையிலயும் விழும்.

எப்போ இந்த சிக்னல் பொய் சொல்லும்?

நம்ம மிக்ஸிக்குத் திரும்புவோம். மட்டமானவர் 5 வருஷம்னு அட்டைப்பெட்டியில் பெரிசா போடுறார். ஆனா பில் இல்லன்னா கிடையாது, சர்வீஸ் சென்டர் மாவட்டத்துக்கே ஒண்ணு, "ஓவர்லோடு பண்ணிருக்கீங்க"ன்னு திருப்பி அனுப்புற பழக்கம். இதனால் பழுதானவங்கள்ல பாதிப் பேருக்குத்தான் வாரண்டி கிடைக்குது. அவருடைய செலவு 2,100லிருந்து 1,050 ஆகிடும். காப்பியடித்தால் லாபம் 1,450. இது 500ஐ விட ரொம்ப அதிகம். பேப்பர்ல 5 வருஷம், கணக்குல 2.5 வருஷம்!

ஆகவே எத்தனை வருஷம் என்பதை, கிளெய்ம் உண்மையில் கிடைக்கும் வாய்ப்பால் பெருக்கித்தான் படிக்கணும். சர்வீஸ் சென்டர் பக்கத்துல இருக்கா, எந்தப் பாகத்துக்கு வாரண்டி, தேய்மானம்னு எதையெல்லாம் விலக்கியிருக்காங்க, இந்தக் கம்பெனி 5 வருஷம் கழிச்சு இருக்குமா? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். மூடிட்டுப் போகத் திட்டம் போட்டவருக்கு 20 வருஷ வாரண்டி எழுதுவதிலும் செலவே இல்லை.

வாரண்டி கொடுக்க முடியாத பொருள் என்றால்?

வாசனைத் திரவியத்துக்கோ, புது உணவகத்தின் சாப்பாட்டுக்கோ "பழுது" என்று ஒன்றை நிரூபிக்க முடியாது. அங்கே சில நேரம் அதிக அறிமுக விலையே சிக்னலாக நிற்கும். விலையை ஏத்துறதுக்கு என்ன செலவு, யார் வேணும்னாலும் ஏத்தலாமேன்னு தோணும். விலையை ஏத்தினா சில வாடிக்கையாளர்கள் போயிடுவாங்க, அதுதான் செலவு. 4,000 ரூபாய் விலையில் ஒரு விற்பனை போனால் நல்லவருக்கு இழப்பு 2,000. மட்டமானவருக்கு 2,500, ஏன்னா அவருடைய தயாரிப்புச் செலவு குறைவு. ஆக, விற்பனையை இழப்பது மட்டமானவருக்குத்தான் அதிகம் வலிக்கும். விலை போதுமான உயரத்துக்குப் போனால், நிறைய விற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதிப்பதே அவருக்கு மேல் என்று ஆகிடும்.

கைல் பாக்வெல், மைக்கேல் ரியோர்டன் என்ற இருவர் 1991இல் இதை மாதிரியாக்கிக் காட்டினார்கள். பயன்படுத்தியவர்கள் மூலம் தரம் தெரிந்தவர்கள் கூடக் கூட, ஏமாற்றுபவரிடம் வாங்க வருபவர்கள் குறைவார்கள். அவரை விலக்கி வைக்க அவ்வளவு உயரமான விலை தேவைப்படாது. அதனால் நல்ல பொருளின் விலை உயரத்தில் தொடங்கி இறங்கும் என்பது அவர்கள் முடிவு. ஆனால் ஒரு எல்லை உண்டு: தரத்தைக் கூட்டக் கூடுதல் செலவு ஆகவில்லை என்றால் இந்த வாதம் நிற்காது. நல்லதும் மட்டமானதும் ஒரே செலவில் தயாராகும் இடத்தில், விலை அதிகம் என்பதை மட்டும் வைத்துத் தரத்தை நம்பாதீங்க.

நீங்களே போட்டுப் பாருங்க

மட்டமான மிக்ஸியின் பழுது வாய்ப்பு 30%லிருந்து 15% ஆகக் குறைந்தது, மத்த எண்கள் அப்படியே இருக்குன்னு வைங்க. நல்லவர் தன்னைத் தனியாகக் காட்ட எத்தனை வருஷ வாரண்டி கொடுக்கணும்?

விடை: மட்டமானவருக்கு வருஷச் செலவு 210. 2,000 ÷ 210 = 9.5. அதனால் 10 வருஷம். அப்பவும் நல்லவருக்கு 4,000 − 2,000 − 700 = 1,300 ரூபாய் லாபம் நிற்கும். போட்டியாளரின் தரம் நெருங்கி வர வர, வித்தியாசத்தைக் காட்ட வாரண்டி நீண்டுகொண்டே போகணும்.