பணம் இறுகி பட்ஜெட் தளர்ந்தால்: கணிப்பவர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மத்திய வங்கி பணத்தை இறுக்குகிறது. அதே வேளையில் அரசு வரியைக் குறைத்துச் செலவைக் கூட்டுகிறது. அப்போது வட்டி என்னாகும், நாட்டின் உற்பத்தி என்னாகும்? பொருளாதாரம் படிக்கும் மாணவரும் அதைப் பற்றி எழுதும் பத்திரிகையாளரும் அடிக்கடி தடுமாறும் கேள்வி இது. இதற்கு 1979 முதல் 1985 வரையிலான அமெரிக்காவைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. பெடரல் ரிசர்வின் தலைவராக பால் வோல்க்கர் பணத்தை இறுக்கினார். அதிபர் ரொனால்ட் ரீகன் வரியைக் குறைத்து ராணுவச் செலவைக் கூட்டினார்.

வட்டியையும் உற்பத்தியையும் ஒரே மூச்சில் கணிக்காதீர்கள். வட்டியைப் பொறுத்தவரை இரண்டு கொள்கைகளும் ஒரே பக்கம்தான் தள்ளுகின்றன. மத்திய வங்கி கடன் கொடுக்கும் பணத்தைச் சுருக்குகிறது. அரசோ பற்றாக்குறையை நிரப்ப அதே சந்தையில் கடன் கேட்டு நிற்கிறது. ஆகவே வட்டி ஏறும் என்று துணிந்து சொல்லலாம். உற்பத்தியில் அப்படி இல்லை. இறுகிய பணம் அதைக் குறைக்கப் பார்க்கும், வரிக்குறைப்பும் செலவும் கூட்டப் பார்க்கும். எது வெல்லும் என்பதை ஐ.எஸ்.–எல்.எம். வரைபடத்தில் கோடுகளை நகர்த்தி மட்டும் சொல்லிவிட முடியாது. இரண்டின் அளவும் தெரிய வேண்டும், அவை வந்த காலமும் தெரிய வேண்டும்.

தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். இந்தக் கதையின் பாதி விடை அதில்தான் இருக்கிறது. வோல்க்கர் 1979 ஆகஸ்டில் பதவியேற்று, அக்டோபரிலேயே இறுக்கத்தைத் தொடங்கினார். 1981 நடுவில் வங்கிகள் தமக்குள் ஓரிரவுக்குக் கொடுத்துக்கொள்ளும் கடனின் வட்டி 19 சதவீதத்தைத் தொட்டது. ரீகனின் வரிச் சட்டம் 1981 ஆகஸ்டில் கையெழுத்தானாலும், தனிநபர் வருமான வரிக்குறைப்பு தவணை தவணையாகத்தான் வந்தது: 1981 அக்டோபரில் 5 சதவீதம், 1982 ஜூலையில் 10, 1983 ஜூலையில் இன்னொரு 10. வட்டியின் அடி முதலில் விழுந்தது, மக்கள் கையில் பணம் பிறகுதான் சேர்ந்தது. அதனால் 1982இல் உற்பத்தி ஏறக்குறைய 2 சதவீதம் சரிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம். 1982 பிற்பாதியில் பெடரல் ரிசர்வ் பிடியைச் சற்றுத் தளர்த்தியது, வரிக்குறைப்பின் பெரும்பகுதியும் வந்து சேர்ந்தது. 1984இல் உற்பத்தி 7 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. 1982ஐ மட்டும் பார்ப்பவர் இந்தக் கலவை பொருளாதாரத்தைக் கொல்லும் என்பார். 1984ஐ மட்டும் பார்ப்பவர் அது வளர்ச்சிக்கு மருந்து என்பார். இரண்டுமே அரைகுறைப் பார்வை.

பெயரளவு வட்டியைப் பார்த்து இறுக்கத்தை அளக்காதீர்கள். பணவீக்கத்தைக் கழித்த மெய் வட்டிதான் கணக்கு. 1981இல் அமெரிக்க அரசின் 10 ஆண்டுக் கடன் பத்திரத்தின் வட்டி சராசரியாக 14 சதவீதத்தை ஒட்டி இருந்தது, பணவீக்கம் 10ஐச் சற்றுத் தாண்டியிருந்தது. மெய் வட்டி 4 சதவீதத்துக்கும் கீழே. 1984இல் அதே பத்திரத்தின் வட்டி 12.5ஐ ஒட்டி வந்துவிட்டது, ஆனால் பணவீக்கம் 4 சதவீதத்துக்குச் சற்று மேலேதான். மெய் வட்டி 8 சதவீதம். வட்டி இறங்கியதுபோல் தெரிந்த காலத்தில்தான் கடனின் உண்மையான சுமை இரட்டித்திருக்கிறது. பணவீக்கம் அடங்கிய பிறகும் நீண்டகால வட்டி இப்படி உயரத்தில் நின்றதற்குப் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம்: 1983 நிதியாண்டில் அது உற்பத்தி மதிப்பில் 6 சதவீதம், 1985இலும் சுமார் 5 சதவீதம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. கடன் கொடுப்பவர் கழிப்பது நேற்றைய பணவீக்கத்தை அல்ல, நாளை வரும் என்று அவர் அஞ்சுவதை. 1984இல் அந்த அச்சம் முழுதும் தணியவில்லை. எனவே அவர்கள் மனக்கணக்கில் மெய் வட்டி 8ஐவிடக் குறைவாக இருந்திருக்கும்.

யார் தலையில் விழுகிறது என்று தேடுங்கள். மொத்த உற்பத்தி ஒரே அளவில் நின்றாலும் அதன் உள்ளடக்கம் மாறிவிடும். இதுதான் இந்தக் கலவையின் மிக நிச்சயமான விளைவு, அதிகம் பேசப்படாததும் இதுதான். 60,000 டாலர் வீட்டுக் கடனை 30 ஆண்டுக்கு எடுத்துப் பாருங்கள். 1978 தொடக்கத்தில் இருந்த 9 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 483 டாலர். 1981 அக்டோபரில் வீட்டுக் கடன் வட்டி 18 சதவீதத்தைத் தாண்டியது; 18 என்றே வைத்தாலும் தவணை சுமார் 904 டாலர். முதல் மாதத் தவணையில் 900 டாலர் வட்டிக்கே போகும், அசலில் குறைவது 4 டாலர். வரிக்குறைப்பால் கையில் கொஞ்சம் மிஞ்சினாலும் இந்த வித்தியாசத்தை அது ஈடுகட்டாது. வீடு கட்டுவோர் விற்க வழியில்லாத மரச்சட்டங்களையே பெடரல் ரிசர்வுக்குத் தபாலில் அனுப்பி எதிர்ப்பைத் தெரிவித்தார்கள்.

அடுத்த அடி ஏற்றுமதிக்கு. உயர்ந்த வட்டியைத் தேடி வெளிநாட்டுப் பணம் அமெரிக்காவுக்குள் வந்தது, டாலர் ஏறியது. 1980இல் ஒரு டாலருக்கு 1.8 ஜெர்மன் மார்க். 1985 பிப்ரவரியில் 3.3க்கும் மேல். 1,00,000 டாலர் விலையுள்ள ஒரு அமெரிக்க இயந்திரத்தின் விலைப்பட்டியல் மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஜெர்மன் வாடிக்கையாளருக்கு அது 1,80,000 மார்க்கிலிருந்து 3,30,000 மார்க் ஆகிவிட்டது. அந்த இயந்திரத்தைத் தயாரித்த ஆலைத் தொழிலாளி எந்தத் தவறும் செய்யவில்லை. 1981இல் சிறு உபரியில் இருந்த அமெரிக்க நடப்புக் கணக்கு 1985இல் 100 பில்லியன் டாலருக்கு மேல் பற்றாக்குறையானது. டாலரின் ஏற்றத்தைத் தணிக்க, அந்த ஆண்டு செப்டம்பரில் 5 நாடுகள் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் கூடி உடன்படிக்கை செய்ய வேண்டிவந்தது.

அரசுக் கடன் தனியார் முதலீட்டை அப்படியே விழுங்கிவிடும் என்று எழுதிவிடாதீர்கள். பாடப்புத்தகம் படித்தவர் அவசரப்படும் இடம் இது. 1984இல் அமெரிக்க நிறுவனங்களின் முதலீடு வேகமாகவே உயர்ந்தது. தேய்மானத்தை விரைவாகக் கழித்துக்கொள்ள 1981 சட்டம் சலுகை தந்ததும், வெளிநாட்டுச் சேமிப்பு உள்ளே வந்ததும் அதற்கு உதவின. மூலதனம் எல்லை தாண்டும் நாட்டில் அரசின் கடன் முதலீட்டைவிட ஏற்றுமதியையே அதிகமாக நெருக்கித் தள்ளலாம். மூலதனம் உள்ளே வர வழியில்லாத நாட்டில் சுமையின் பெரும்பகுதி உள்நாட்டு முதலீட்டின் மேல் விழும்.

எல்லைக்கு வெளியேயும் பாருங்கள். லத்தீன் அமெரிக்க நாடுகள் வாங்கியிருந்த டாலர் கடன்களில் பெரும்பகுதிக்கு வட்டி சந்தையோடு சேர்ந்து ஏறும். 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தவணை கட்ட முடியாது என்று அறிவித்தது.

வட்டியைக் குறைக்கும் பொறுப்பை மத்திய வங்கியின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். 1984இல் வோல்க்கர் தனியாகப் பணத்தைத் தளர்த்தியிருந்தால், வேகமாக வளர்ந்துகொண்டிருந்த பொருளாதாரத்தில் பணவீக்கம் மறுபடி தலைதூக்கியிருக்கும். உற்பத்தியை இழக்காமல் வட்டியை இறக்க வேண்டுமானால் கலவையையே திருப்பிப்போட வேண்டும்: பட்ஜெட் இறுக வேண்டும், அதனால் குறையும் தேவையைப் பணத்தளர்வு ஈடுசெய்ய வேண்டும். அதிபர் ரீகனின் பொருளாதார ஆலோசகர் குழுவின் தலைவராக இருந்த மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டீன், பற்றாக்குறைதான் வட்டியையும் டாலரையும் ஏற்றுகிறது என்று பதவியில் இருந்தபடியே வெளிப்படையாகச் சொன்னார். நிதியமைச்சர் டொனால்ட் ரீகன் அதை ஏற்கவில்லை. பற்றாக்குறைக்கு வரம்பு விதிக்கும் சட்டம் 1985 டிசம்பரில்தான் வந்தது.