வீடு ஓனரோடது, சாமான் உங்களோடது!

"ஓனர் இன்ஷூரன்ஸ் போட்டிருக்கார்க்கா, எனக்கெதுக்கு?" வாடகை ஃபிளாட்டில் இருப்பவர்கள் பாதிப் பேர் என்னிடம் சொல்லும் பதில் இது. அவர் போட்டிருப்பது அவருடைய சுவருக்கும் தரைக்கும். உங்கள் ஃப்ரிட்ஜுக்கு அதில் பைசா கிடைக்காது. அசோசியேஷன் பாலிசியும் கட்டடத்தோடு முடிந்துபோகும். அதனால இதைப் பொறுமையாகப் படிங்க.

1. எது யாருடையதுன்னு பிரிங்க. ஓனர் போட்டுக்கொடுத்த வார்ட்ரோப், கிச்சன் கேபினெட் எல்லாம் அவர் பொறுப்பு. நீங்கள் வாங்கி மாட்டிய ஏசி, கட்டில், டிவி, துணிமணி உங்கள் பொறுப்பு. ஒரே அறையில் இருந்தாலும் பாலிசி வேறு. ரூம்மேட் போட்ட பாலிசியில் உங்கள் லேப்டாப்பும் அடங்கும்னு நினைச்சுக்காதீங்க, கேட்டுக்கோங்க.

2. சாமானுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்‌ஷா' என்ற பாலிசியைத் தருகின்றன. விதிகள் எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான். கட்டடத்தை விட்டுவிட்டு, வீட்டுச் சாமானுக்கு மட்டும் கேளுங்க. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து நனைவது இதில் அடங்கும். சென்னையில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

3. தொகையைக் குத்துமதிப்பாகப் போடாதீங்க. அறை அறையாக நடந்து, இன்று புதிதாக வாங்கினால் என்ன விலை என்று எழுதுங்க. ஒரு இரண்டு பெட்ரூம் வீட்டுக் கணக்கு இப்படி வரும்:

- ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, ஏசி: 1,35,000
- கட்டில், மெத்தை, பீரோ, சோபா: 85,000
- அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர், பாத்திரம்: 40,000
- துணிமணி: 80,000
- லேப்டாப்: 60,000

மொத்தம் 4 லட்சம். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 2 லட்சம்னு போட்டால் என்ன ஆகும்? பாரத் கிருஹ ரக்‌ஷாவில் குறைத்துப் போட்டதற்காகப் பங்கு பிடிக்க மாட்டார்கள். ஆனால் வெள்ளத்தில் 3 லட்சம் போனால் அதிகபட்சம் 2 லட்சம்தான் வரும். வேறு பாலிசிகளில் இன்னும் மோசம். பாதித் தொகைக்குத்தானே காப்பீடு என்று 1 லட்ச ரூபாய் சேதத்துக்கு 50,000 மட்டும் கொடுப்பதுண்டு. முழுத் தொகையைப் போடுங்க.

4. திருட்டு அடங்கும்னு நம்பிடாதீங்க. எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். பாரத் கிருஹ ரக்‌ஷாவில், வெள்ளமோ தீயோ வந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் பணம். நீங்கள் கல்யாணத்துக்குப் போனபோது பூட்டை உடைத்தால் அதில் வராது. பூட்டு உடைப்புக்குத் தனி 'பர்க்ளரி' கவரோ, எல்லாம் சேர்ந்த ஹவுஸ்ஹோல்டர்ஸ் பேக்கேஜோ வேணும். ஒரு மாசத்துக்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவதாக இருந்தால், முன்கூட்டியே நிறுவனத்துக்குச் சொல்லிடுங்க.

5. நகைக்கும் மின்சாதனத்துக்கும் தனியாகக் கேளுங்க. நகை தானாகச் சேராது. மதிப்பைச் சொல்லி, கூடுதல் கவராக எழுதி வாங்கணும். ரொக்கப் பணம் அடங்காது, பீரோவில் கட்டுக்கட்டாக வைக்காதீங்க. வோல்டேஜ் ஏறி டிவி எரிந்தால் அந்த டிவிக்கும் பணம் இல்லை. அதிலிருந்து தீ பரவி சோபா எரிந்தால் சோபாவுக்கு உண்டு. டிவியும் வேணும்னா 'பிரேக்டவுன்' கவர் பாருங்க.

6. கீழ் வீட்டுக்காரரை மறக்காதீங்க. நீங்கள் வாஷிங் மெஷின் குழாயைச் சரியாக மாட்டாமல் போய், கீழ் ஃபிளாட் சீலிங் நனைந்தால் அவர் உங்களைத்தான் பிடிப்பார். உங்கள் கவனக்குறைவால் ஓனரின் வீடு எரிந்தால், அவருக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் அதை உங்களிடம் வசூலிக்க வரலாம். சாமான் பாலிசி இதற்கு உதவாது. 'தேர்ட் பார்ட்டி லயபிலிட்டி' கவர் கேளுங்க, அதில் வாடகை வீட்டுச் சேதமும் அடங்குமான்னு எழுத்தில் வாங்கிக்கோங்க.

7. கிளைமுக்கு இன்றே தயாராகுங்க. ஃபோனில் வீட்டை ஒரு சுற்று வீடியோ எடுங்க, ஃப்ரிட்ஜ், டிவி பின்னால் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரும் தெரியணும். அதையும் பில்களையும் உங்களுக்கே மெயில் அனுப்பிடுங்க. பில் வீட்டோடு நனைந்தால் என்ன பிரயோஜனம்? வெள்ளம் வடிந்ததும் நாற்றம் தாங்கலைன்னு மெத்தையைத் தூக்கிப் போடாதீங்க. முதலில் ஃபோட்டோ, உடனே நிறுவனத்துக்குத் தகவல், சர்வேயர் பார்த்த பிறகுதான் குப்பை. திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் வேலை நடக்காது.

வீடு மாறும்போது பாலிசியில் முகவரியையும் மாற்றணும். பழைய முகவரிக்குப் போட்ட பாலிசி புது வீட்டுச் சாமானைக் காப்பாற்றாது. கேஸ் கனெக்‌ஷன் மாற்றும் அன்றைக்கே இதையும் முடிச்சிடுங்க.