க்யூஆர் வரியின் கடைசி நான்கு எழுத்துகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பாரத் க்யூஆர், இலங்கையின் லங்கா க்யூஆர், சிங்கப்பூரின் எஸ்ஜிக்யூஆர் ஆகியவற்றில் எதை ஸ்கேன் செய்தாலும் உள்ளே இருப்பது ஒரு நீண்ட எழுத்து வரிதான். எம்விகோ அமைப்பு வகுத்த முறைப்படி அந்த வரி `000201` என்று தொடங்கும். முடியும் இடத்தில் `6304` வரும், அதையடுத்து நான்கு எழுத்துகள் வரும். அந்த நான்கு எழுத்துகள்தான் சி.ஆர்.சி. என்னும் சரிபார்ப்பு எண். தமிழ்நாட்டுக் கடைகளில் அதிகம் காணும் யூபிஐ ஸ்டிக்கர் வேறு வகை. அது `upi://pay` என்று தொடங்கும், அதற்கு இந்த வால் கிடையாது.

இந்த நான்கு எழுத்துகளைப் பற்றி நிரல் எழுதுவோரிடமும் கடைக்காரர்களிடமும் சில தவறான நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. விளக்குவதற்கு வசதியாக, முழு வரியிலிருந்து தொகைப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: `5403100`. இதில் `54` என்றால் தொகை, `03` என்றால் மதிப்பு மூன்று எழுத்து நீளம், `100` என்பது மதிப்பு. எல்லாப் பகுதிகளும் இதே அமைப்புதான். கடைசிப் பகுதியான `6304`-இல் `63` என்றால் சி.ஆர்.சி., `04` என்றால் அது நான்கு எழுத்து நீளம்.

நம்பிக்கை 1: சி.ஆர்.சி. என்பது எழுத்துகளின் மதிப்பைக் கூட்டிப் போடும் எண்.

உண்மை: இது கூட்டல் அன்று, வகுத்தல். வரியிலுள்ள பைட்டுகளை எல்லாம் அடுத்தடுத்து வைத்து ஒரே நீண்ட இரும எண்ணாகப் பாவித்து, முன்பே பேசிவைத்த ஒரு வகுஎண்ணால் வகுக்கிறோம். இது கடன் வாங்காத வகுத்தல். கழிக்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் எக்ஸ்-ஆர் செய்கிறோம். கடைசியில் நிற்கும் மீதிதான் சி.ஆர்.சி. டபிள்யூ. வெஸ்லி பீட்டர்சன் 1961-இல் டி.டி. பிரவுனுடன் எழுதிய கட்டுரை இந்த முறையை விரித்துச் சொன்னது. பணக் க்யூஆரில் வகுஎண் `0x1021`, தொடக்க மதிப்பு `0xFFFF`. மீதி 16 பிட் நீளம், ஹெக்ஸில் எழுதினால் நான்கு எழுத்து.

இதில் என்ன லாபம் என்பதை ஒரு தட்டச்சுப் பிழையில் பார்த்துவிடலாம். 190 என்று அடிக்க வேண்டியதை 910 என்று அடித்துவிட்டால், எழுத்துகளின் கூட்டுத்தொகை மாறவே மாறாது. கூட்டல் முறைக்கு இந்தப் பிழை கண்ணில் படாது. சி.ஆர்.சி.க்கோ கட்டாயம் படும். அடுத்தடுத்த இரண்டு எழுத்து இடம் மாறினால் சேதம் 16 பிட் அகலத்துக்குள் அடங்கிவிடும். அந்த அகலத்துக்குள் நேரும் எந்தச் சேதத்தையும் 16 பிட் சி.ஆர்.சி. தவறாமல் பிடிக்கும். இதில் வாய்ப்புக் கணக்குக்கே இடமில்லை. வரி முழுவதும் தாறுமாறாகக் குலைந்துபோனால்தான் வாய்ப்பைப் பற்றிப் பேச வேண்டும். அப்போது தற்செயலாகப் பொருந்திப்போக 65,536-இல் ஒரு வாய்ப்பு உண்டு.

நம்பிக்கை 2: தரவைக் கணக்கிட்டால் போதும், `6304` வெறும் லேபிள்தானே.

உண்மை: `6304` என்ற நான்கு எழுத்துகளும் கணக்கில் சேர வேண்டும். பைதானில் இதற்கென்று ஒரு செயற்கூறு தயாராகவே இருக்கிறது:

```python
import binascii

s = "5403100" + "6304"
crc = binascii.crc_hqx(s.encode("utf-8"), 0xFFFF)
print(s + format(crc, "04X"))
```

விடை `54031006304FE0A`. `6304`-ஐ விட்டுவிட்டு `5403100`-ஐ மட்டும் கணக்கிட்டால் `8241` வரும். வெளிப்பார்வைக்கு அதுவும் ஒழுங்கான நான்கு எழுத்துதான், ஆனால் செயலி வாங்கிக்கொள்ளாது. சரிபார்க்கும் பக்கத்திலும் இதே ஒழுங்குதான்: கடைசி நான்கு எழுத்தை மட்டும் வெட்டி ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சம் முழுவதையும் கணக்கிட்டு, வந்த விடையை ஒதுக்கி வைத்ததோடு ஒப்பிட வேண்டும்.

நம்பிக்கை 3: சி.ஆர்.சி.-16 என்றால் எல்லாரிடமும் ஒரே விடைதான் வரும்.

உண்மை: 16 பிட் சி.ஆர்.சி.யில் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. `123456789` என்ற ஒன்பது எழுத்தை எல்லாரும் சோதனைச் சரமாக வைத்திருப்பது இதற்காகத்தான். பணக் க்யூஆரின் முறையில் அதற்கு விடை `29B1`. அதே வகுஎண்ணை வைத்துக்கொண்டு தொடக்க மதிப்பை மட்டும் சுழியமாக்கினால் எக்ஸ்மோடம் முறை, விடை `31C3`. தொழிற்சாலைக் கருவிகளின் மோட்பஸ் முறையில் `4B37`. மூன்றுமே சரியான விடைகள்தாம், முறைகள்தாம் வேறு.

ஆகையால் எங்கிருந்தோ எடுத்த நிரல்துண்டைச் சேர்த்ததும் முதல் வேலையாக அதில் `123456789`-ஐப் போட்டுப் பாருங்கள். `29B1` வரவில்லையென்றால் உங்கள் தரவில் குறை தேடி நேரத்தைத் தொலைக்க வேண்டாம், முறையை மாற்றுங்கள். மேலே உள்ள `crc_hqx`-இல் `0xFFFF` இருக்கும் இடத்தில் `0` என்று கொடுத்தாலே விடை `31C3` ஆகிவிடும்.

நம்பிக்கை 4: கணக்கு சரியாக வந்துவிட்டால், ஹெக்ஸாக எழுதுவதில் என்ன தவறிவிடப் போகிறது?

உண்மை: தவறுவது பெரும்பாலும் அங்கேதான். தொகையை 907 ஆக்குங்கள். `54039076304`-க்கு விடை `0A73`. எண்ணாக மட்டும் பார்த்தால் முன்னால் நிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை. `"04X"` என்பதற்குப் பதில் `"X"` என்று எழுதிய நிரல் `A73` என்று மூன்றே எழுத்தை ஒட்டிவிடும். வரியோ `04` என்று நான்கு எழுத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. செயலி நான்காவது எழுத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, செல்லாத க்யூஆர் என்று தள்ளிவிடும்.

இந்தப் பிழையை ஒரு பில்லிங் நிரலில் நேரில் பார்த்திருக்கிறேன். "சில பில்லுக்கு மட்டும் ஸ்கேன் ஆகலை" என்பதுதான் வந்த புகார். பிரிண்டரையும் காகிதத்தையும் மாற்றிப் பார்த்தும் பலனில்லை. ஸ்கேன் ஆகாத பில்களின் வரிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி வைத்த பிறகுதான், அவை எல்லாமே ஓர் எழுத்து குட்டையாக இருந்தது தெரிந்தது. 16 பில்லுக்கு ஒன்று என்ற கணக்கில் சி.ஆர்.சி.யின் முதல் எழுத்து சுழியமாக அமையும். நாலைந்து பில்லை மட்டும் சோதித்துப் பார்த்தவர் கையில் இந்தப் பிழை சிக்காமலே போகலாம். `54039076304`-ஐச் சோதனைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. மோடம், சீரியல் கேபிள் பழக்கத்தில் வந்தவர்கள் சி.ஆர்.சி.யையும் சேர்த்து முழுவதையும் ஒருமுறை கணக்கிட்டு, விடை சுழியமா என்று பார்ப்பார்கள். மீதியை இரண்டு பைட்டாக அப்படியே ஒட்டினால் அந்த உபாயம் பலிக்கும். இங்கே ஒட்டியிருப்பது F, E, 0, A என்ற நான்கு எழுத்து. அவற்றின் பைட்டுகள் வேறு என்பதால் சுழியம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. வெட்டி ஒப்பிடுவதுதான் வழி.

நம்பிக்கை 5: திரையில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு உரைக்கும் சி.ஆர்.சி. ஒன்றுதான்.

உண்மை: சி.ஆர்.சி.க்குக் கண் கிடையாது. அது பார்ப்பது பைட்டுகளை மட்டுமே. தமிழ் எழுதும் நமக்கு இது நேரடியாகவே உதைக்கும். எம்விகோ முறையில் கடையின் பெயரையும் ஊரையும் உள்ளூர் மொழியில் எழுத `64` என்ற பகுதி இருக்கிறது. அதில் ‘கொழும்பு’ என்று எழுதுகிறோம் என்று வையுங்கள். ‘கொ’வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாக, `U+0BCA` என்று எழுதலாம். கொம்பும் காலுமாகப் பிரித்து `U+0BC6`, `U+0BBE` என்றும் எழுதலாம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. யூடிஎஃப்-8-இல் முதல் வகை 24 பைட், இரண்டாவது 27 பைட். சி.ஆர்.சி.யும் வேறாகிவிடும்.

இதற்கு மருந்து, வரியை உருவாக்கும்போதே `unicodedata.normalize("NFC", s)` என்று ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன்பின் கணக்கிடுவது. சரிபார்ப்பவர் மட்டும் இதைச் செய்யக் கூடாது. கைக்கு வந்த பைட்டுகளை வந்தபடியே கணக்கிட வேண்டும். அவர் திருத்தத் தொடங்கினால் எதைச் சரிபார்க்கிறோம் என்பதே மாறிப்போகும்.

வரியின் முடிவில் ஒட்டிக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத வரிமுறிவும் இதே வகைத் தொல்லைதான். முனையத்தில் `echo` கொண்டு சோதித்தால் அது வரிமுறிவு ஒன்றைச் சேர்த்து அனுப்பும், விடையும் மாறும். `printf '%s'` அப்படிச் செய்யாது.

நம்பிக்கை 6: சி.ஆர்.சி. பொருந்திவிட்டால் யாரும் கைவைக்கவில்லை என்று பொருள்.

உண்மை: எல்லாவற்றையும்விட ஆபத்தான நம்பிக்கை இதுதான். நம் வரியில் 100-ஐ 900 என்று யாரோ திருத்திவிட்டு, பழைய `FE0A`-வை அப்படியே விட்டால் செயலி கண்டுபிடித்துவிடும். ஆனால் திருத்தத் துணிந்தவர் ஏன் அப்படி விடப் போகிறார்? மேலே உள்ள அதே நிரலில் `54039006304`-ஐக் கொடுத்தால் `6DA7` வரும். `540390063046DA7` என்று எழுதிவிட்டால் எந்தச் செயலியும் குறை சொல்ல முடியாது. வகுஎண்ணும் தொடக்க மதிப்பும் ஊரறிந்தவை. இந்தக் கணக்கில் ரகசியம் என்று எதுவுமே இல்லை.

கடைக்காரரின் க்யூஆர் மேல் மோசடிக்காரர் தன் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போகும்போதும் இதேதான் நடக்கிறது. ஒட்டப்பட்டதில் சி.ஆர்.சி. துல்லியமாகப் பொருந்தும், ஏனென்றால் அது முறைப்படி உருவான க்யூஆர்தான். பணம் மட்டும் வேறொருவர் கணக்குக்குப் போகும். அங்கே காப்பாற்றக்கூடியது, ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்துகொள்வதுதான்.

மனிதர்கள் வேண்டுமென்றே செய்யும் மாற்றத்தைக் கணினி பிடிக்க வேண்டுமென்றால், கணக்கில் ரகசியச் சாவி ஒன்று இருந்தாக வேண்டும். இரண்டு தரப்பும் ஒரே சாவியை வைத்திருந்தால் ஹெச்மேக் போதும். உருவாக்குபவர் ஒருவர், சரிபார்ப்பவர்கள் பலர் என்றால் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். சி.ஆர்.சி.யை 32 பிட்டாக நீட்டுவதால் இந்தக் குறை தீராது. நீளம் கூடினால் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு குறையும், அவ்வளவுதான். திருத்துபவருக்கு அதுவும் ஒரே நொடி வேலை.

`FE0A` நமக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த வரி உருவானதிலிருந்து உங்கள் கைக்கு வரும்வரை வழியில் தற்செயலாகச் சிதையவில்லை. உருவாக்கியவர் யார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அந்தக் கேள்வி உங்கள் வேலையில் எழுமானால், அந்த நான்கு எழுத்தை நம்பி நிற்காதீர்கள், கையொப்பத்தைக் கேளுங்கள்.