பொறியாளருக்கு மெயில்: எதைக் கேட்பது?

போன வாரம் மூன்றாம் ஆண்டு இசிஇ மாணவர் ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. "சார், மினி ப்ராஜெக்டுக்கு ஐஓடியில் நல்ல தலைப்பு சொல்லுங்க." அவ்வளவுதான். வகுப்பில் எல்லோரும் ஐஓடி எடுக்கிறார்கள், வேலைக்கு அதுதான் உதவும் என்று வீட்டிலும் சொல்கிறார்களாம்.

வேலையில் இருப்பவரிடம் மாணவர்கள் கேட்பது பெரும்பாலும் தலைப்பு, ரெடிமேட் கோடு, சிக்கிக்கொண்ட இடத்துக்கு வழி ஆகிய மூன்றில் ஒன்று. கம்பெனியில் எழுதிய கோடை அவரால் வெளியே தர முடியாது என்பதால் இரண்டாவதை விட்டுவிடலாம்.

தலைப்பு கேட்பதுதான் நல்ல வழி என்று பலரும் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. உங்கள் லேபில் என்ன இருக்கிறது, எத்தனை வாரம் மீதி, கையில் எவ்வளவு பணம் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. தன் வேலையில் பார்ப்பதைத்தான் சொல்வார். படிக்கும்போது நானும் ஒருவரிடம் இப்படிக் கேட்டு, மோட்டார் வேகக் கட்டுப்பாடு என்று வாங்கி வந்தேன். பாகங்கள் தேடியே செமஸ்டர் போனது. கடைசியில் ரிப்போர்ட் மட்டும் மிஞ்சியது. தலைப்பை நீங்களே எடுங்கள், இரண்டு வாரம் கைவையுங்கள். கேள்வி அங்கிருந்து தானாக வரும்.

அப்படி வந்த கேள்வியை இப்படி எழுதலாம்:

"பொருள்: ESP32: வைஃபை இணைத்தால் சென்சார் அளவு வரவில்லை

வணக்கம் சார். நான் மூன்றாம் ஆண்டு இசிஇ மாணவன். மண் ஈரம் பார்த்து பம்பை இயக்கும் மினி ப்ராஜெக்ட் செய்கிறேன். சென்சாரை GPIO 4-இல் இணைத்திருக்கிறேன். வைஃபை இல்லாதபோது அளவு மண்ணுக்கேற்ப மாறுகிறது. `WiFi.begin()` சேர்த்ததும் 4095-லேயே நிற்கிறது. சென்சாரையும் வயரையும் மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. பின் தேர்வில் தவறா, கோடிலா? எந்தப் பக்கம் தேடுவது என்று சொன்னால் போதும். நன்றி."

இதைப் படிப்பவருக்குக் காரணம் உடனே தெரிந்துவிடும். GPIO 4, ESP32-இன் ADC2 பிரிவைச் சேர்ந்தது. வைஃபை ஓடும்போது அந்தப் பிரிவை அதுவே எடுத்துக்கொள்ளும். சென்சாரை ADC1-இல் உள்ள GPIO 34-க்கு மாற்றி, கோடிலும் பின் எண்ணை மாற்றினால் தீர்ந்தது. பஸ்ஸில் நின்றபடியே ஒரு வரியில் பதில் போடலாம். பின் எண்ணையும், வைஃபை சேர்த்ததும்தான் கோளாறு வந்தது என்பதையும் எழுதாமல் "சென்சார் வேலை செய்யவில்லை" என்று மட்டும் அனுப்பியிருந்தால், அந்த விவரம் கேட்டே நாலு மெயில் போயிருக்கும்.

கோடை ஜிப் ஃபைலாக இணைக்காதீர்கள், அலுவலக மெயில் தடுத்துவிடலாம். தேவையான பத்து வரியை மெயிலிலேயே ஒட்டுங்கள். ஒரே மெயிலைப் பத்துப் பேருக்கு சிசி போட்டால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். பதில் வரவில்லை என்றால் ஒரு வாரம் பொறுங்கள். பிறகு அதே மெயிலுக்குக் கீழே ஒரு வரி நினைவூட்டல் போதும். பதில் வந்து சரியானால், எந்தப் பின்னுக்கு மாற்றினீர்கள், இப்போது அளவு என்ன வருகிறது என்று அவருக்கு எழுதிவிடுங்கள்.