விடுப்பு கேட்டால் கோபுரம் இடியுமா?

கேள்வி: தினமும் காலையில் ஒரு டாரட் சீட்டு எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். போன வாரம், "இன்று மேலாளரிடம் விடுப்பு கேட்கலாமா?" என்று நினைத்து எடுத்தேன். இடி விழுந்து எரியும் 'டவர்' வந்தது. பயந்துபோய்க் கேட்கவே இல்லை. "டாரட் உக்கிரமானது, அன்றாடக் கேள்விக்கு ஆரக்கிள்தான் சாந்தமானது" என்கிறாள் தோழி. உண்மையா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: விடுப்புக் கேட்பதற்காக ஒரு கோபுரத்தையே இடித்துவிட்டீர்களே, அம்மா! உங்கள் தோழி சொல்வதைப் பலரும் நம்புகிறார்கள். ஆனால் உக்கிரம், சாந்தம் என்று சீட்டுக்குக் குணம் கிடையாது. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பொழுதுபோக்குச் சீட்டாட்டமாகத்தான் பிறந்தது. அந்த ஆட்டத்தில் உங்கள் டவர், மற்றச் சீட்டுகளை வெட்டும் துருப்புகளில் ஒன்று, அவ்வளவே. டாரட்டை வைத்துக் குறி பார்ப்பது பரவலானது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்ஸில். நாளை நடப்பதைச் சீட்டு அறியும் என்று நான் சொல்லமாட்டேன். நம் யோசனைக்கு அது ஒரு பிடி கொடுக்கும்.

உண்மையான வித்தியாசம் கட்டின் அமைப்பில் இருக்கிறது. டாரட்டில் வழக்கமாக 78 சீட்டுகள். அவற்றில் 22 'மேஜர் ஆர்கானா', அதாவது மரணம், நீதி, சூரியன் போன்ற பெரிய கருப்பொருள்களின் வரிசை. மீதி 56 'மைனர் ஆர்கானா'. இவை கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு இனமாகப் பிரியும். இனத்துக்குப் பத்து எண் சீட்டுகளும் நான்கு 'கோர்ட்' சீட்டுகளும் உண்டு. கோர்ட் என்றால் ராஜா, ராணி முதலிய அரசவை ஆட்கள். ஒரு சீட்டின் பொருள் அதன் இனம், எண், பக்கத்தில் விழுந்த சீட்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெளியும். ஆரக்கிளுக்கு இப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. எத்தனை சீட்டு, எதைப் பற்றி என்பதை உருவாக்கியவரே முடிவு செய்கிறார். பெரும்பாலும் 'பொறுமை', 'ஓய்வு' என்று சீட்டிலேயே சொல் அச்சாகியிருக்கும், விளக்கத்துக்குக் கையேடும் வரும். நம்மூர்க் கிளி எடுத்துத் தரும் அட்டையைப் போல, ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையானது.

இப்போது உங்கள் டவருக்கு வருவோம். 22 மேஜர், 16 கோர்ட், ஆக 38. கட்டில் ஏறக்குறையப் பாதி! ஒரே சீட்டு எடுக்கும்போது, இரண்டில் ஒரு முறை வாழ்க்கையைப் புரட்டும் விஷயமோ, யாரென்று தெரியாத ஓர் ஆளோ வந்து நிற்கும். சின்னக் கேள்விக்கு அந்தப் பதில் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு நீங்கள் கேட்டது ஆம் - இல்லை கேள்வி. டாரட் படங்கள் ஒரு நிலைமையைக் காட்டுபவை, தலையாட்டுபவை அல்ல.

கேள்வியை "எப்படிக் கேட்பது?" என்று மாற்றி, எதைத் தவிர்க்க, நிலைமை என்ன, எதைச் செய்ய என மூன்று சீட்டு வைப்பதாகக் கொள்வோம். வாள் ஏழு, காசு ஆறு, காசு மூன்று வருகின்றன. 1909இல் லண்டனில் வெளியான, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டில், வாள் ஏழில் ஒருவன் வாள்களை அள்ளிக்கொண்டு ஓசைப்படாமல் நழுவுகிறான். பொய்க் காய்ச்சல் சொல்லி நழுவ வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாம். காசு ஆறில் கையில் தராசோடு ஒருவர் மண்டியிட்டவர்களுக்குக் காசு கொடுக்கிறார். கொடுக்கும் இடத்தில் இருப்பவர் மேலாளர், அவர் எடை போட்டுத்தான் பார்ப்பார். காசு மூன்றில் கட்டட வரைபடத்தை வைத்துக்கொண்டு மூவர் கலந்து பேசுகிறார்கள். நீங்கள் இல்லாத நாளில் எந்த வேலையை யார் பார்ப்பார்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். அடுத்தடுத்து இரண்டு காசுச் சீட்டுகள் வந்ததால், இது மனத்தாங்கல் அல்ல, வேலை ஏற்பாட்டுப் பிரச்சினை என்பதும் புரிகிறது. இப்படிச் சீட்டோடு சீட்டை முடிச்சுப் போட ஆரக்கிள் இடம் தருவது குறைவு.

"இன்று எந்த மனநிலையோடு இருக்கலாம்?" என்று மட்டும் கேட்பவருக்கு ஆரக்கிளே போதும். 'பொறுமை' வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பலாம். ஆனால் உருவாக்கியவர் எழுதாத பதில் அதில் வரவே வராது. சில கட்டுகளில் எல்லாச் சீட்டும் தட்டிக்கொடுப்பவையே. தோழியின் கட்டை வாங்கி, எல்லாச் சீட்டையும் நிமிர்த்திப் பரப்புங்கள். 'நில்', 'வேண்டாம்', 'யோசி' என்ற பொருளில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால், முடிவெடுக்கும் கேள்வியை அதனிடம் கொண்டு போகாதீர்கள்.

புதிதாக எதையும் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. உங்கள் டாரட்டிலிருந்து நாற்பது எண் சீட்டுகளை மட்டும் பிரித்து, காலைக் கேள்விக்கென்று தனியே வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாற்றம், வீடு மாற்றம் போன்ற பெரிய யோசனை வரும்போது மற்ற 38ஐயும் சேர்த்துக் கலைத்தால் போதும்.