கடைசி ஏழு நாள் ரிப்போர்ட்டைப் பார்த்து பட்ஜெட்டை வெட்டாதீர்கள்

டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வி உங்களிடம் வரும்: "போன வாரம் கன்வர்ஷன் ஏன் விழுந்தது?" பதறிப்போய் கீவேர்டை மாற்றுகிறவர், பட்ஜெட்டைக் குறைக்கிறவர், லேண்டிங் பேஜைக் குறை சொல்கிறவர் எல்லோரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். அந்த வாரம் இன்னும் முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நாட்காட்டியில் முடிந்திருக்கலாம், ரிப்போர்ட்டில் முடியவில்லை. இதற்குப் பெயர் கன்வர்ஷன் லேக். இதைக் கணக்குப் போட்டுக் காட்டத் தெரிந்த ஜூனியர், அதே டீமில் மற்றவர்களுக்கு முன்னால் கிளையன்ட் மீட்டிங்கில் உட்காருவார்.

கூகுள் ஆட்ஸை வைத்தே பார்ப்போம்.

1. எந்தத் தேதியில் எண்ணப்படுகிறது என்று முதலில் கேளுங்கள்

ஒருவர் 3-ஆம் தேதி விளம்பரத்தைக் கிளிக் செய்கிறார். யோசிக்கிறார், வீட்டில் கேட்கிறார், 9-ஆம் தேதி வாங்குகிறார். கூகுள் ஆட்ஸின் வழக்கமான `Conversions` நெடுவரிசையில் இந்த விற்பனை 3-ஆம் தேதியின் கணக்கில்தான் ஏறும். அந்தக் கிளிக்குக்குக் கொடுத்த காசும் 3-ஆம் தேதியில் இருப்பதால், செலவும் வரவும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்பது இதன் நோக்கம்.

செலவு அன்றே பதிவாகிவிடுகிறது. வரவு சொட்டுச் சொட்டாக வருகிறது. எத்தனை நாள் காத்திருந்து எண்ண வேண்டும் என்பதைக் கன்வர்ஷன் விண்டோ தீர்மானிக்கிறது. கிளிக்குக்கான விண்டோ, நீங்கள் மாற்றாவிட்டால் 30 நாள். பெரும்பாலான கன்வர்ஷன்களுக்கு அதை 90 நாள் வரை நீட்டலாம். ஆக, நேற்றைய வரிசையில் செலவு முழுசாக இருக்கும், கன்வர்ஷன் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். சிபிஏ ஏறியும் ரோஆஸ் இறங்கியும் தெரிவது இதனால்தான்.

2. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்

ஆன்லைனில் மெத்தை விற்கும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் ₹10,000 செலவு. எல்லாம் வந்து முடிந்தபின் ஒவ்வொரு நாளின் கிளிக்குகளுக்கும் 20 விற்பனை கிடைக்கிறது. அதாவது உண்மையான சிபிஏ ₹500. கணக்கு எளிதாக இருக்க, எல்லா நாளும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொள்கிறேன். வியாபாரத்தில் எதுவும் மாறவில்லை.

திங்கட்கிழமை காலை ரிப்போர்ட்டைத் திறக்கிறீர்கள். நேற்றைய ஞாயிறு 8 என்று காட்டுகிறது. சனி 10, வெள்ளி 12, வியாழன் 13, புதன் 14, செவ்வாய் 15, போன திங்கள் 16. கூட்டினால் 88. ஏழு நாள் செலவு ₹70,000, ஆக சிபிஏ ₹795.

அதற்கு முந்தைய வாரத்துக்கு இன்னும் ஏழு நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. அது 126 காட்டுகிறது, சிபிஏ ₹556.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கன்வர்ஷன் 30 சதவீதம் சரிந்தது போலத் தெரியும். கிளையன்ட் பார்ப்பது இதைத்தான். ஆனால் இரண்டு வாரமும் கடைசியில் 140-இல்தான் போய் நிற்கப்போகின்றன. முந்தைய வாரம் தன் 140-இல் 90 சதவீதத்தை எட்டிவிட்டது, இந்த வாரம் 63 சதவீதத்தில் நிற்கிறது. வித்தியாசம் வயதில் மட்டும்தான்.

அந்த வரிசையை இன்னொரு முறை பாருங்கள்: 16, 15, 14, 13, 12, 10, 8. படிப்படியாக, இன்றைய தேதியை நோக்கி இறங்குகிறது. லேக் எப்போதும் இந்த வடிவத்தில்தான் தெரியும்.

3. உங்கள் கணக்கின் லேக் எவ்வளவு என்று நீங்களே எடுங்கள்

"லேக் இருக்கும் சார்" என்று பொதுவாகச் சொன்னால் மீட்டிங்கில் யாரும் நம்ப மாட்டார்கள். எண் வேண்டும். கேம்பெயின் ரிப்போர்ட்டில் செக்மென்ட் பட்டனை அழுத்தி, கன்வர்ஷன் பிரிவில் `Days to conversion` என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிளிக்குக்கும் விற்பனைக்கும் நடுவில் எத்தனை நாள் என்று பிரித்துக் காட்டும்.

மெத்தைக் கடையில் ஒரு மாதத்து 600 கன்வர்ஷனில் ஒரு நாளுக்குள் 240, ஏழு நாளுக்குள் 480, பதினான்கு நாளுக்குள் 570, முப்பது நாளுக்குள் 600 வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். சதவீதமாக 40, 80, 95, 100. மேலே போட்ட கணக்கு இந்த வளைவிலிருந்துதான் வந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அனுபவசாலிகளே இதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த செக்மென்டைக் கடைசி ஏழு நாளுக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. மூன்று நாள் முன்பு கிளிக் செய்தவர் பத்தாவது நாள் வாங்குவது இன்னும் நடக்கவே இல்லை, அதனால் அது பட்டியலில் இருக்காது. சீக்கிரம் வாங்கியவர்கள் மட்டும் தெரிவார்கள். "நம்ம கஸ்டமர்ஸ் எல்லாம் ரெண்டு நாளில் வாங்கிடறாங்க" என்ற தப்பான முடிவு அங்கிருந்துதான் பிறக்கிறது. விண்டோ 30 நாள் என்றால், தேதி வரம்பின் கடைசி நாளே 30 நாளுக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும். போன மாதத்துக்கு முந்தைய மாதத்தை எடுங்கள்.

வளைவு கையில் வந்தபின் திருத்தம் எளிது. இப்போது தெரியும் எண்ணை அதுவரை வந்திருக்க வேண்டிய பங்கால் வகுத்துவிடுங்கள். 88-ஐ அந்த ஏழு நாட்களின் சராசரிப் பங்கான 0.63-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 140. கவலைப்பட ஒன்றுமில்லை. இதே திங்கட்கிழமை 88-க்குப் பதில் 70 இருந்திருந்தால்? வகுத்தால் 111 வருகிறது. அது 20 சதவீத நிஜச் சரிவு, அன்றே காரணத்தைத் தேட ஆரம்பியுங்கள். லேக் என்ற சாக்கு அங்கே செல்லாது.

நேற்றைய ஒரு நாளை மட்டும் இப்படி வகுத்துப் பார்க்காதீர்கள். 8 என்பது சின்ன எண், அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மதிப்பீடு இரண்டு மூன்று தாவும். வாரமாகக் கூட்டிப் பாருங்கள்.

4. வாரா வாரம் ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள்

வகுத்தலைவிட உறுதியான வழி ஒன்று உண்டு, ஆனால் முன்கூட்டியே ஆரம்பித்திருக்க வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரே நேரத்தில் கடைசி ஏழு நாள் ரிப்போர்ட்டை இறக்கி, எடுத்த தேதியோடு ஷீட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த திங்கட்கிழமை புது 88-ஐ, இப்போது 126 ஆகிவிட்ட பழைய வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். அந்த வாரம் போன திங்கட்கிழமை என்ன காட்டியது என்று பாருங்கள். அன்றைக்கும் 88 காட்டியிருந்தால் நிலைமை மாறவில்லை. 105 காட்டியிருந்தால் பிரச்சினை நிஜம். ஒரே வயதுள்ள இரண்டு வாரங்களை நிறுத்திப் பார்க்கிறீர்கள். கூகுள் ஆட்ஸ் திரையில் இன்றைய நிலைதான் தெரியும், போன திங்கட்கிழமை அது என்ன காட்டியது என்பது உங்கள் ஷீட்டில் மட்டும்தான் இருக்கும். டீமில் அந்த ஷீட் வைத்திருப்பவர் நீங்களாக இருங்கள்.

5. லேக்கா, டேக் உடைந்ததா என்று பிரிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றுக்கும் லேக்கைக் காரணம் சொல்லும் எக்ஸிகியூட்டிவ் ஒரு நாள் பெரிதாக அடி வாங்குவார். செக்அவுட் பேஜில் கன்வர்ஷன் டேக் கழன்றுபோனாலும் கடைசி நாட்கள் மெலிந்துதான் தெரியும்.

`Conversions (by conv. time)` என்ற நெடுவரிசையைச் சேருங்கள். இது விற்பனை நடந்த நாளிலேயே எண்ணும். 9-ஆம் தேதி வாங்கியது 9-ஆம் தேதியில்தான் இருக்கும். லேக் மட்டும்தான் காரணம் என்றால், வழக்கமான நெடுவரிசை படிக்கட்டாக இறங்கும்போது இது ஏறக்குறைய சமமாக ஓடும். டேக் உடைந்திருந்தால் இது ஒரு குறிப்பிட்ட நாளில் செங்குத்தாக விழும். அப்போது கடையின் ஆர்டர் பட்டியலோடு சரிபாருங்கள். ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது, இங்கே மட்டும் பூஜ்யம் என்றால் உடனே டெவலப்பரை அழையுங்கள்.

டேக் உடைந்த காலத்தை ஸ்மார்ட் பிட்டிங் கணக்கில் எடுக்காமலிருக்க டேட்டா எக்ஸ்க்ளூஷன் போடுவார்கள். அதில் கொடுப்பது கிளிக் தேதி. 10-ஆம் தேதி டேக் உடைந்தால், 7-ஆம் தேதி கிளிக் செய்து 10-ஆம் தேதி வாங்கியவரும் தொலைந்துபோயிருப்பார். அதனால் உடைந்த நாளுக்கு முந்தைய சில நாட்களையும் சேர்க்க வேண்டும். எத்தனை நாள் என்பதை உங்கள் லேக் வளைவு சொல்லும்.

இந்த நெடுவரிசை நன்றாக இருக்கிறதே என்று இதை வைத்தே சிபிஏ போடாதீர்கள். நேற்று நடந்த விற்பனைக்குக் காரணமான செலவில் பெரும்பகுதி முந்தைய நாட்களுடையது. பட்ஜெட்டை இரட்டிப்பாக்கிய வாரத்தில் இந்தக் கணக்கு உங்களைக் காரணமில்லாமல் மோசமாகக் காட்டும், பட்ஜெட்டைக் குறைத்த வாரத்தில் காரணமில்லாமல் அழகாகக் காட்டும். ஜிஏ4 நிகழ்வு நடந்த நாளில் எண்ணுவதால், அதுவும் ஆட்ஸ் ரிப்போர்ட்டும் நாள்வாரியாகப் பொருந்தாது. அதைச் சரிசெய்ய முயன்று ஒரு மதியத்தை வீணாக்க வேண்டாம்.

6. கை அரிக்கும்போது பொறுத்திருங்கள்

டார்கெட் சிபிஏ போன்ற ஸ்மார்ட் பிட்டிங் இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் பிட் செய்கிறது. மூன்று நாளின் முழுமையடையாத எண்ணைப் பார்த்து நீங்கள் டார்கெட்டை இறுக்கினால், அது சரியாகச் செய்துகொண்டிருந்ததைக் கெடுக்கிறீர்கள். கிளிக் குறையும், இரண்டு வாரம் கழித்து விற்பனையும் குறையும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

மெத்தைக் கடையில் 7 நாளில் 80 சதவீதமும் 14 நாளில் 95 சதவீதமும் வந்துவிடுகின்றன. அங்கே டார்கெட்டை மாற்றினால் மாற்றிய பிறகு வந்த கிளிக்குகளுக்கு இரண்டு வாரம் வயதாகும் வரை தீர்ப்பு சொல்லக் கூடாது. மொபைல் ரீசார்ஜ் விற்கும் கணக்கில் ஓரிரு நாளே போதலாம். வீட்டு மனை லீடு என்றால் மாதமே ஆகலாம்.

7. வளைவு மாறும் நேரங்கள்

தீபாவளி சேலுக்கு முந்தைய வாரம் மக்கள் கிளிக் செய்து, விலை பார்த்து, கார்ட்டில் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். லேக் நீளும். சேல் தொடங்கிய நாளில் அது சுருங்கும். சாதாரண மாதத்து வளைவைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் முதலில் குறைவாகவும் பிறகு அதிகமாகவும் மதிப்பிடுவீர்கள். போன வருஷத்து அதே வாரங்களிலிருந்து தனி வளைவு எடுங்கள்.

ரோஆஸ் பார்க்கும் கணக்கென்றால் எண்ணிக்கைக்கு ஒரு வளைவு, மதிப்புக்கு ஒரு வளைவு என்று இரண்டு தேவை. ₹6,000 மெத்தையைவிட ₹40,000 மெத்தைக்கு ஆள் அதிக நாள் யோசிப்பார், அதனால் ரூபாய் பின்தங்கி வரும்.

ஆஃப்லைன் கன்வர்ஷனைக் கையால் ஏற்றுகிறீர்களா? வெள்ளிக்கிழமை மட்டும் ஏற்றினால் அந்த வாரம் முழுதும் காலியாகத் தெரியும். அது கஸ்டமரின் தாமதம் அல்ல, உங்களுடையது. தினமும் ஏற்றுங்கள்.

8. கிளையன்டிடம் இப்படிச் சொல்லுங்கள்

கேள்வி வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கேட்டபின் சொன்னால் சாக்குப்போக்காகக் கேட்கும். "மேடம், இந்த வாரம் இப்போதைக்கு 88 காட்டுது. போன திங்கட்கிழமை இதே நேரத்துல அதுக்கு முந்தின வாரமும் 88தான் காட்டுச்சு, இன்னைக்கு அது 126. இந்த வாரமும் 140 பக்கத்துல வந்து நிக்கும்னு எதிர்பார்க்கிறோம். அடுத்த திங்கட்கிழமை மறுபடி காட்டுறேன்."

அடுத்த திங்கட்கிழமை, அவர் கேட்காவிட்டாலும், காட்டுங்கள். 126 வரவில்லை என்றால் அதையும் நீங்களே முதலில் சொல்லுங்கள்.