மரபுவழி மொழியறிவைக் கல்வித் தகுதியாக நிறுவுதல்: புலம்பெயர் ஈழத்தமிழ் மாணவரின் மொழியியல் பட்ட விண்ணப்பத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானியாவில் தமிழ் பேசும் இல்லத்தில் வளர்ந்த மாணவர், பல்கலைக்கழகச் சேர்க்கைக்குரிய தன்கூற்றில் தமது வீட்டுமொழியையும் இருபண்பாட்டு வளர்ப்பையும் எவ்வாறு கல்வித் தகுதியாக நிறுவ இயலும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மொழியியல் பட்டப்படிப்பிற்கான விண்ணப்பம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. யாழ்ப்பாணத் தமிழின் உகரச்சுட்டு சான்றாக அமைகிறது. வீட்டுமொழி அடையாளமாக அறிவிக்கப்படும்போது தகுதியாவதில்லை. கேள்வி எழுப்பி, உற்றுநோக்கி, வரையறை உணர்ந்து கூறப்படும்போதே தகுதியாகிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: மரபுவழி மொழி, புலம்பெயர் தமிழர், தன்கூற்று, உகரச்சுட்டு, இருபண்பாட்டு வளர்ப்பு.

முன்னுரை

சமூகத்தின் பெரும்பான்மை மொழி ஒன்றாகவும் இல்லத்தின் மொழி வேறொன்றாகவும் அமையும் சூழலில், குழந்தை இல்லத்தில் பெறும் மொழியை மரபுவழி மொழி என்பர். அமெரிக்கச் சூழலை முன்வைத்துக் குவாதலூப்பே வால்டேஸ் 2001இல் வழங்கிய வரையறை பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. ஆங்கிலமல்லாத மொழி பேசப்படும் இல்லத்தில் வளர்ந்து, அம்மொழியைப் பேசவோ கேட்டுப் புரிந்துகொள்ளவோ மட்டுமேனும் இயன்று, ஓரளவு இருமொழியாளராக விளங்கும் மாணவரை அவ்வரையறை குறிக்கிறது. ‘புரிந்துகொள்ள மட்டுமேனும்’ என்னும் பகுதி இங்குக் கருதத்தக்கது. எழுதப் படிக்க அறியாதவரும் இவ்வரையறைக்குள் அடங்குவர்.

புலம்பெயர் தமிழ் இல்லங்களில் இந்நிலை பரவலானது. இலண்டன், டொராண்டோ, கலிபோர்னியாவின் லங்காஸ்டர் ஆகிய இடங்களில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களிடையே நிகழும் மொழிமாற்றத்தைச் சுரேஷ் கனகராஜா 2008இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்துள்ளார். அத்தகைய இல்லத்தில் வளர்ந்த இளையோர் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கையில் தமிழறிவை எங்கு, எவ்வாறு குறிப்பிடுவது என்னும் வினா எழுகிறது. தம் தமிழ் குறைவுடையது என்று கருதுவோர் அதனைக் குறிப்பிடாமலே விடுகின்றனர். குறிப்பிடுவோர் பெருமிதக் கூற்றோடு நின்றுவிடுகின்றனர். இவ்விரு போக்குகளுக்கும் மாற்றான ஒரு வழியை இக்கட்டுரை சுட்டுகிறது.

தன்கூற்றின் அமைப்பு

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கை ‘யூகாஸ்’ என்னும் பொது அமைப்பின் வழி நிகழ்கிறது. மாணவர் ஐந்து தெரிவுகள் வரை குறிப்பிடலாம். எல்லாவற்றிற்கும் ஒரே தன்கூற்றே செல்லும். 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் தொடர்கட்டுரை வடிவம் கைவிடப்பட்டு மூன்று வினாக்கள் அமைக்கப்பட்டுள்ளன. இப்பாடத்தைப் பயில விரும்புவது ஏன் என்பது முதல் வினா. முறைசார் கல்வி அதற்கு எவ்வாறு ஆயத்தப்படுத்தியது என்பது இரண்டாவது. கல்விக்கூடத்திற்கு வெளியே செய்த ஆயத்தம் யாது, அது எவ்வகையில் பயன்படும் என்பது மூன்றாவது. மூன்று விடைகளும் சேர்ந்து, இடைவெளிகள் உட்பட, 4000 எழுத்துருக்களைத் தாண்டலாகாது. ஒவ்வொரு விடையும் குறைந்தது 350 எழுத்துருக்கள் கொண்டிருத்தல் வேண்டும்.

மூன்று வினாக்களும் பாடத்தையே மையமாகக் கொண்டவை, ‘நீர் யார்?’ என்னும் வினா அவற்றுள் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கும் பொது விண்ணப்பத்தின் கட்டுரை இதனின் வேறுபட்டது. 250 முதல் 650 சொற்களுக்குள் அமையும் அக்கட்டுரைக்குரிய தலைப்புகளுள் ஒன்று, மாணவரின் பின்புலத்தையும் அடையாளத்தையும் பற்றிய கதையையே வேண்டுகிறது. ஆகவே அமெரிக்க விண்ணப்பத்திற்கு எழுதிய இருபண்பாட்டுக் கதையை அப்படியே யூகாஸுக்கு மாற்றினால், கேட்கப்படாத வினாவிற்கு விடை கூறியதாகவே முடியும்.

அறிவிப்பும் சான்றும்

தாரா யோசோ 2005இல் முன்வைத்த ‘சமூகப் பண்பாட்டுச் செல்வம்’ என்னும் கருத்தாக்கம், விளிம்புநிலைச் சமூகத்து மாணவர் கொண்டுவரும் அறுவகை மூலதனங்களுள் ஒன்றாக மொழி மூலதனத்தைக் குறிக்கிறது. வீட்டுமொழியைக் குறைபாடாகக் காணும் பார்வைக்கு இது தக்க மறுப்பு. எனினும் மூலதனம் உண்டு என்பது ஒன்று; விண்ணப்பத்தைப் படிப்போர் அதனைக் காணுமாறு செய்வது வேறொன்று. இவ்வேறுபாட்டை விளக்க, எடுத்துக்காட்டிற்காக இங்கு அமைக்கப்பட்ட இரு வரைவுகளை ஒப்பிடலாம். இரண்டும் யாழ்ப்பாணப் பின்புலமுடைய, இலண்டனில் வளர்ந்த, உயர்நிலைப் பள்ளியில் ஸ்பானிய மொழி பயிலும் ஒரு மாணவி எழுதுவனவாகக் கொள்ளப்படுகின்றன.

முதல் வரைவு பின்வருமாறு அமைகிறது: ‘இரு பண்பாடுகளுக்கு இடையே வளர்ந்தவள் நான். உலகின் தொன்மையான மொழிகளுள் ஒன்றாகிய தமிழைச் சரளமாகப் பேசுவேன். இது எனக்குப் பரந்த பார்வையை அளித்துள்ளது. மொழியியல்மீது ஆர்வத்தையும் தூண்டியது.’

இதில் பொய் ஏதுமில்லாமல் இருக்கலாம். ஆயினும் தமிழின் தொன்மை மொழிக்குரிய சிறப்பே தவிர மாணவியின் ஆயத்தத்திற்குச் சான்றன்று. ‘பரந்த பார்வை’ எதனை நோக்கியது என்பது கூறப்படவில்லை. ‘சரளம்’ என்னும் சொல் நேர்காணலில் எளிதில் சோதிக்கப்படக்கூடியது. இப்பத்தியில் ‘தமிழ்’ என்னும் சொல்லை நீக்கி வேறொரு மொழிப்பெயரை இட்டாலும் பொருள் கெடுவதில்லை. பத்தி சான்றற்றது என்பதை அறிய இதுவே எளிய சோதனை.

உகரச்சுட்டு: ஒரு சான்று

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் நூன்மரபு அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டு என வகுக்கிறது. தமிழகத்து இக்காலப் பேச்சு வழக்கில் அகர, இகரச் சுட்டுகளே எஞ்சியுள்ளன. யாழ்ப்பாணத் தமிழிலோ உகரச்சுட்டு இன்றும் உயிர்ப்புடன் வழங்குகிறது. ‘உது’, ‘உவன்’, ‘உந்த’, ‘உப்பிடி’ முதலியன அங்கு அன்றாடச் சொற்கள். பேசுவோர்க்கு அண்மையிலுள்ளது ‘இது’. கேட்போர் பக்கத்திலுள்ளது ‘உது’. இருவர்க்கும் சேய்மையிலுள்ளது ‘அது’ என்பது அவ்வழக்கின் பொதுநிலை.

இரண்டாம் வரைவு இவ்வழக்கிலிருந்து தொடங்குகிறது. பள்ளியில் ஸ்பானிய மொழியின் ‘எஸ்தே’, ‘எஸே’, ‘அக்கெல்’ என்னும் மூன்று சுட்டுகளைக் கற்கையில், அவற்றுள் நடுவிலுள்ளது கேட்போர் பக்கத்தைக் குறிக்கப் பயன்படுவதை மாணவி அறிகிறாள். ஆங்கிலத்தில் இரண்டே உள்ளமையால் உடன் பயில்வோர் இடர்ப்படுகின்றனர். தன் கையிலுள்ள கோப்பையைப் பாட்டி ‘உது’ என்று சுட்டுவதை அவள் அப்போதுதான் கவனிக்கிறாள். பின்னர் ஒரு சிறு சோதனை செய்கிறாள். ஒரே கோப்பையைப் பேசுபவர் அருகிலும், எதிரே இருப்பவர் அருகிலும், அறையின் மூலையிலும் வைத்து, அதனைச் சுட்டிப் பேசுமாறு பாட்டியையும் தாயையும் கேட்கிறாள். தன் சொந்த வழக்கையும் குறித்துக்கொள்கிறாள். பாட்டியும் தாயும் மூன்று சொற்களை ஆள்கின்றனர். மாணவியோ ‘உது’ என்பதைக் கேட்டால் புரிந்துகொள்கிறாள். தான் பேசுகையில் ‘அது’ என்றே கூறுகிறாள்.

இங்கு அவளது தமிழின் ‘குறை’ ஆய்வுப்பொருளாக மாறுகிறது. கேட்டறியும் திறனுக்கும் பேசும் திறனுக்கும் இடையிலான இவ்விடைவெளி, மரபுவழி மொழியாளரைப் பற்றிய ஆய்வுகள் தொடர்ந்து கவனம் செலுத்தும் பொருளாகும். ‘சரளமாகப் பேசுவேன்’ என்பதைவிட, ‘புரிந்துகொள்வேன், ஆயினும் ஆள்வதில்லை’ என்னும் துல்லியமான கூற்றே மொழியியல் ஆசிரியரிடம் மதிப்புப் பெறும்.

விளக்கமும் வரையறையும்

சான்றைத் தந்த பின் மாணவி எளிதில் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. ‘ஆங்கிலத்தின் தாக்கத்தால் உகரச்சுட்டை இழந்தேன்’ என்று முடித்துவிடத் தோன்றும். இம்முடிபு பொருத்தமாகத் தோன்றினும் நிறுவப்பட்டதன்று. தமிழகப் பேச்சுத்தமிழிலும் உகரச்சுட்டு வழக்கிறந்துள்ளது. அதற்கு இலண்டன் வாழ்வு காரணமன்று. புலம்பெயர் குழந்தை தமிழகத் திரைப்படங்களைக் காண்கிறது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கற்கும் எழுத்துத் தமிழிலும் ‘அது’, ‘இது’ என்னும் இரண்டே முதன்மை பெறுகின்றன. ஆகவே ஆங்கிலத்தின் இருநிலைச் சுட்டும், பிற தமிழ் வழக்குகளின் இருநிலைச் சுட்டும் ஒரே விளைவைத் தரவல்ல இரு காரணங்களாகும். மூவரை மட்டும் கொண்ட வீட்டுச் சோதனையால் இவற்றைப் பிரித்தறிய இயலாது.

பிரித்தறிவதற்குரிய வழியையும் மாணவி சுட்டலாம். ஆங்கில ஆதிக்கம் குறைந்து, தமிழகத் திரைப்பட வழக்கோடு பழக்கமுடைய யாழ்ப்பாண இளையோரின் பேச்சோடு ஒப்பிடுவது ஒரு வழி. அவர்கள் உகரச்சுட்டைப் பேணுவாராயின், திரைப்பட வழக்கு மட்டுமே காரணம் என்னும் விளக்கம் வலுவிழக்கும். இதனை மாணவி செய்திருக்க வேண்டும் என்பதில்லை. தன் சான்று எதனை நிறுவாது என்பதை உணர்ந்து, அடுத்த வினாவைக் கேட்டாலே போதும். முதல் வினாவிற்கு உண்மையான விடை அதுவேயாகும்.

மூன்று விடைகளில் பகிர்வு

மேற்கண்ட செய்திகள் அனைத்தையும் ஒரே விடையில் அடைத்தல் கூடாது. உகரச்சுட்டு எழுப்பிய வினா முதல் விடைக்குரியது. ஸ்பானியச் சுட்டுகளோடு ஒப்பிட்ட திறன் பள்ளிக் கல்வியிலிருந்து பிறந்ததாகலின் இரண்டாம் விடைக்குரியது. வீட்டுச் சோதனையும், வார இறுதிப் பள்ளியில் எழுத்து வழக்கிற்கும் வீட்டுப் பேச்சிற்கும் இடையே கண்ட வேறுபாடும் மூன்றாம் விடையில் இடம்பெறலாம். இவ்வகையில் தமிழ் மூன்று விடைகளிலும் தோன்றினும் ஒரு செய்தி இருமுறை கூறப்படுவதில்லை. மூன்று தமிழ்ச் சொற்களை ஒலிபெயர்த்துப் பொருளோடு தந்தால் போதும். அதற்குமேல் தரப்படும் சான்றுகள் 4000 எழுத்துருக்களுள் பிற தகுதிகளுக்குரிய இடத்தை விழுங்கிவிடும்.

இருபண்பாட்டு வளர்ப்பும் இதே முறையில் இடம்பெறத்தக்கது. முதியோர்க்காக மருத்துவமனையில் மொழிபெயர்த்த பட்டறிவைப் பல மாணவர் குறிப்பிடுவர். அதனைப் பொறுப்புணர்ச்சிக்குச் சான்றாகக் கூறுவது பொதுவானது. மருத்துவரின் ஆங்கில ‘யூ’ என்னும் ஒரே சொல்லை, தாத்தாவிற்கு ‘நீங்கள்’ என்றும் உடனிருக்கும் தம்பிக்கு ‘நீ’ என்றும் பிரித்து மொழிபெயர்க்க நேர்ந்தமையை எடுத்துரைப்பது மொழியியல் சார்ந்தது. நிகழ்வு ஒன்றே, எந்தப் பாடத்திற்கு விண்ணப்பம் செல்கிறது என்பதே அதனுள் எதை எடுத்துக்காட்டுவது என்பதைத் தீர்மானிக்கிறது.

முடிவுரை

மரபுவழி மொழியறிவு தன்னளவில் தகுதியாக எண்ணப்படுவதில்லை. பாடத்தின் வினாக்களோடு இணைக்கப்படும்போதே அந்நிலையை அடைகிறது. மொழியியல் விண்ணப்பத்தில் இவ்விணைப்பு நேரடியானது. பொறியியல், மருத்துவம் முதலிய பாடங்களில் அது குறுகியது. அங்கு ஒரு வாக்கியமே போதுமானதாகலாம். பேச்சில் இழந்து கேள்வியில் மட்டும் எஞ்சிய ‘உது’ போன்ற ஒரு சொல், முழுமையான தமிழறிவு உண்டென்னும் கோரிக்கையைவிட வலிய சான்றாக அமைகிறது. புலம்பெயர் மாணவர் மறைக்க முற்படும் குறைகளே அவர்தம் விண்ணப்பத்தின் பயனுள்ள தரவுகளாக இருத்தல் கூடும். அத்தரவுகளை இனங்காண்பதற்குத் தேவையான கிளைமொழி அறிவையும் இலக்கண அறிவையும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் மேல்வகுப்புகளுக்கு வழங்குவது தமிழியல் துறையினர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.